சமுதாயம் உருவாக்கிய மனிதன் அதை மீற முடியுமா?

“முதுகலைத் தத்துவம் படிக்கிறேன். ‘மனிதனைச் சமுதாயம்தான் உருவாக்குகிறது’ என்ற சமுதாயவாதிகளின் கருத்தை ஆதரித்துக் கட்டுரை எழுதினேன். ‘அப்படியானால் பிறந்த வீட்டின் வழக்கத்தை யாருமே மீறக் கூடாதா?’ என்று கேட்டு வழிகாட்டி திருப்பிக் கொடுத்துவிட்டார். எப்படித் திருத்துவது?”

மனிதன் எப்படி உருவாகிறான் என்பது ஒரு கேள்வி. அரசு எதைக் காக்க வேண்டும், எதைத் தனிமனிதனுக்கு விட வேண்டும் என்பது வேறு கேள்வி. முதலாவதற்குச் சொன்ன பதில் இரண்டாவதையும் தீர்த்துவிட்டதாக எழுதினால் வழிகாட்டியின் கேள்வி கட்டாயம் வரும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொன்னவர் சமுதாயவாதி என்று பெயர் பெற்ற தத்துவவாதி சார்ல்ஸ் டெய்லரேதான். 1989-ல் வந்த ஒரு கட்டுரையில் அதைச் செய்தார்.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். தனிமனிதரின் தேர்வுரிமையை முதன்மையாகக் கருதும் தாராளவாதத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971-ல், தம் மதம், செல்வம், வாழ்க்கை இலட்சியம் எதையும் அறியாத மனிதர்கள் கூடி நீதியின் விதிகளைத் தேர்ந்தெடுப்பதாகக் கற்பனை செய்தார். அத்தனையையும் கழித்த பிறகு தேர்ந்தெடுக்க அங்கே யார் மிஞ்சுகிறார் என்று 1982-ல் அவரை விமர்சித்த தத்துவவாதி மைக்கேல் சாண்டெல் கேட்டார். தாம் மனித இயல்பை விவரிக்கவில்லை, அரசியலுக்கு மட்டும் பொருந்தும் ஓர் ஏற்பாட்டையே சொன்னதாக ரால்ஸ் 1985-ல் விளக்கினார். இந்த விளக்கத்தைக் கட்டுரையில் விட்டுவிடாதீர்கள். விட்டால் ரால்ஸுக்கு அநியாயம் செய்தவர் ஆவீர்கள்.

டெய்லரின் வாதம் இன்னும் ஆழமானது. ‘இது மேன்மை, இது இழிவு’ என்று எடைபோடத் தெரிந்தால்தான் ஒருவன் தேர்ந்தெடுக்க முடியும். அந்த எடைக்கற்கள் மொழியில் இருக்கின்றன; மொழியை யாரும் தனியாக உண்டாக்கிக்கொள்வதில்லை. வீட்டை எதிர்ப்பவரும் எங்கோ, யாரிடமோ கற்ற அளவுகோலைக் கொண்டே எதிர்க்கிறார். ஆகவே, உருவாக்கப்பட்டவர் என்பதால் ஒருவர் கட்டுண்டவர் ஆகிவிடுவதில்லை. உங்கள் வழிகாட்டிக்கு இதுதான் பதில்.

இரண்டாவது கேள்விக்குக் கனடாவின் கியூபெக் மாகாணத்தைப் பாருங்கள். டெய்லர் அங்குள்ள மாண்ட்ரியலில் பிறந்தவர். 1977-ல் அந்த மாகாணம் பிரெஞ்சு மொழிச் சட்டத்தை இயற்றியது. பிரெஞ்சுக் குடும்பங்களும் புதிதாகக் குடியேறியவர்களும், சில விலக்குகள் தவிர, பிள்ளைகளை அரசு நிதியில் நடக்கும் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்ப முடியாது. கடைப் பலகைகள் பொதுவாகப் பிரெஞ்சில் மட்டுமே இருக்க வேண்டும் என்றும் அப்போது விதித்தது. கம்பளி நூல் விற்ற ஒரு கடை, பலகையில் பிரெஞ்சுச் சொல்லோடு ஆங்கிலச் சொல்லையும் எழுதியதற்காக எச்சரிக்கப்பட்டது; சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் போனது. பிரெஞ்சு மட்டும் என்பது கருத்துரிமைக்கு எதிரானது, பிரெஞ்சுக்கு முதன்மை தரலாம் என்று 1988-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. சில உரிமைகளை மீறியும் சட்டம் இயற்ற அரசியலமைப்பு இடம் தரும் சிறப்பு விதி ஒன்றைப் பயன்படுத்தி, மாகாணம் கடைக்கு வெளியே உள்ள பலகைகளில் தடையைத் தொடர்ந்தது. 1993-ல் பிரெஞ்சு மேலோங்கி இருந்தால் பிற மொழியும் இருக்கலாம் என்று தளர்த்தியது.

பிரெஞ்சு பேச விரும்புவோருக்கு வசதி செய்து கொடுத்தால் போதாதா என்று தாராளவாதி கேட்பார். போதாது என்கிறார் டெய்லர். இந்தச் சட்டம் இன்று பேசுவோருக்காக மட்டும் வந்தது அன்று. நாளையும் அம்மொழியில் வாழ்பவர்கள் இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். மொழி ஒருவர் தனியே வைத்திருக்கக்கூடிய உடைமையன்று. எதிரில் பேச ஆள் இல்லாவிட்டால் அந்த நன்மையே இல்லை. அதற்காக எதையும் செய்துவிடலாம் என்று அவர் சொல்லவில்லை. உயிர், முறையான விசாரணை, பேச்சு, வழிபாடு போன்ற அடிப்படை உரிமைகளில் கைவைக்கக் கூடாது. கடைப் பலகையின் மொழி அந்த வரிசையில் சேராது என்பது அவர் கணக்கு.

எனக்கு இந்தக் கணக்கில் பலகையைவிடப் பள்ளிதான் உறுத்துகிறது. பலகை பெரியவர்களின் வியாபாரம். பள்ளி விதியோ, இன்னும் உருவாகாத ஒரு குழந்தை எப்படி உருவாக வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்கிறது. ஆனால் பெற்றோர் எந்தப் பள்ளியைத் தேர்ந்தாலும் அதே முடிவை அவர்கள் எடுத்திருப்பார்கள். குழந்தை எப்படியும் கேட்கப்படுவதில்லை. டெய்லரின் வலிமையும் அவருடைய வாதத்தின் ஆபத்தும் ஒரே இடத்தில் சந்திப்பது இங்கேதான். கட்டுரையில் இதற்கு நிறைய இடம் கொடுங்கள்.

அதோடு தாராளவாதத் தத்துவவாதி வில் கிம்லிக்காவின் 1989-ஆம் ஆண்டு வாதத்தையும் சேருங்கள். தேர்வு செய்யப் பண்பாட்டுச் சூழல் தேவை என்பதைத் தாராளவாதத்துக்குள்ளிருந்தே அவர் ஏற்கிறார். எந்த இலட்சியமும் மறுபரிசீலனைக்கு அப்பாற்பட்டதாக இருக்கக் கூடாது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மறுக்கிறார். தன் பிடிமானங்களிலிருந்து சற்று விலகி நின்று யோசிக்க முடியும் என்று சாண்டெலும் ஒப்புக்கொள்கிறார். அந்த விலகல் முழுமையடையாது என்பதே அவர் சேர்ப்பது. இருவருக்கும் இடையே உண்மையில் எவ்வளவு தூரம் மிஞ்சுகிறது என்பதை, கியூபெக் பள்ளி விதியை முன்வைத்து நீங்களே அளந்து எழுதுங்கள்.