நாலு எழுத்துக்குள்ள ஒரு ஆளை அடக்க முடியுமா?

கேள்வி: ஆன்லைன்ல பர்சனாலிட்டி டெஸ்ட் எடுத்தேன், INFP னு வந்துச்சு. படிச்சா அப்படியே என்னைப் பத்தி எழுதின மாதிரி இருக்கு. ஆனா சைக்காலஜி படிச்ச ஃப்ரெண்டு இதெல்லாம் நம்பாதேங்கறா. ஏன்?

நான் சைக்காலஜி எம்எஸ்சி முடிச்சிட்டு இப்ப காலேஜ் பசங்களுக்கு கவுன்சிலிங் பண்றேன், வீடு பழைய வண்ணாரப்பேட்டை. என் சித்தி பையன் கதையிலேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

அவன் தண்டையார்பேட்டைல இருக்கான். டிகிரி முடிச்சிட்டு வேலை தேடும்போது ஒரு ட்ரெய்னிங் சென்டர்ல இந்த மாதிரி டெஸ்ட் குடுத்திருக்காங்க. INTP னு வந்திருக்கு. இந்த டெஸ்ட்ல நாலு அளவு, ஒவ்வொண்ணுலயும் நடுக்கோட்டுக்கு எந்தப் பக்கம் வர்றீங்களோ அதுக்கு ஒரு எழுத்து, மொத எழுத்து I னா இன்ட்ரோவர்ட், E னா எக்ஸ்ட்ரோவர்ட். நீ இன்ட்ரோவர்ட், கஸ்டமர்கிட்ட பேசுற வேலை உனக்கு செட் ஆகாதுனு அங்க சொல்லிட்டாங்க, இவனும் அதை நம்பி கைக்கு வந்த பைக் ஷோரூம் சேல்ஸ் வேலையை வேணாம்னுட்டான். ஆறு வாரம் கழிச்சு வேற ஒரு இடத்துல அதே டெஸ்டை எழுதச் சொல்லியிருக்காங்க, இப்ப ENTJ. என்கிட்ட வந்து "அக்கா, ஆறு வாரத்துல நான் மாறிட்டேனா?"னு கேட்டான். ரெண்டு ரிசல்ட்டையும் போன்ல வாங்கிப் பார்த்தேன். மொத தடவை இன்ட்ரோவர்ட் 54 சதவீதம், ரெண்டாவது தடவை எக்ஸ்ட்ரோவர்ட் 52 சதவீதம். கடைசி எழுத்தும் அதே கதைதான், ரெண்டு தடவையும் நடுக்கோட்டுக்குப் பக்கத்துலயே நின்னிருக்கு. பையன் மாறவே இல்ல, மாறினது எழுத்துதான்.

இது எப்படின்னா, காசிமேட்டுல வஞ்சிரம் வாங்குறீங்கனு வைங்க. தராசுல எடை காட்டாம, ஒரு கிலோவுக்கு மேல இருந்தா பெருசு, கீழ இருந்தா சிறுசுனு மட்டும் சொல்றாங்க. 990 கிராம் மீன் சிறுசு, 1,010 கிராம் மீன் பெருசு, மூணு கிலோ மீனும் அதே பெருசு. இருபது கிராம்தான் வித்தியாசம்னாலும் ரெண்டு மீன் வேற வேற வகை ஆயிடுச்சு, ரெண்டு கிலோ வித்தியாசம் இருக்கற ரெண்டு மீன் ஒரே வகை ஆயிடுச்சு. அதுக்கு மேல தராசு முப்பது கிராம் முன்ன பின்ன ஆடுற தராசா இருந்தா, அந்த 990 கிராம் மீன் இன்னிக்கி சிறுசு, நாளைக்கி பெருசு.

எந்த மனக் கேள்வித்தாளும் அப்படி கொஞ்சம் ஆடத்தான் செய்யும், நல்ல டெஸ்டும் சேர்த்துதான். ஆளுங்க ரெண்டு கும்பலா தனித்தனியா பிரிஞ்சு நின்னா, அதாவது ஒரு பக்கம் பூரா வாயாடி, இன்னொரு பக்கம் பூரா அமைதி, நடுவுல யாருமே இல்லனா, நடுவுல கோடு போடுறதுல தப்பே இல்ல. ஆனா மார்க்கை வரைஞ்சு பார்த்தா அப்படி ரெண்டு மேடு வர்றதில்ல, நடுவுலதான் கூட்டம், ஓரத்துல கம்மி, உயரத்தை அளந்தா வர்ற மாதிரியே. அதாவது கூட்டம் எங்க அதிகமோ அங்கயே கோட்டைப் போடுறாங்க.

இப்ப கணக்கு பாருங்க. ஒரு எழுத்து அடுத்த தடவையும் அப்படியே வர்றதுக்கு 85 சதவீத வாய்ப்பு இருக்குனு தாராளமாவே வச்சுக்கலாம். நாலு எழுத்தும் மாறாம வரணும்னா 0.85 ஐ நாலு தடவை பெருக்கணும், 0.52 வரும். கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஒரு எழுத்தாவது மாறிடும். இந்த டெஸ்டுங்களுக்கெல்லாம் மூலமான மையர்ஸ் பிரிக்ஸ்ல அஞ்சு வாரம் கழிச்சு திரும்ப எழுத வச்சா பாதிப் பேர் வரைக்கும் வேற டைப்ல போய் விழறாங்கனு 1993 ல பிட்டெஞ்சர்னு ஒரு சைக்காலஜிஸ்ட் எழுதினதும் இதேதான். ஒவ்வொரு அளவுகோலும் தனியாப் பார்த்தா அவ்ளோ மோசம் இல்ல, அதை வெட்டி எழுத்தாக்கி நாலையும் சேர்த்து ஒரு பேர் வைக்கிற இடத்துலதான் எல்லாம் கெட்டுப்போவுது.

சரி, அப்புறம் ஏன் படிச்சா நம்மளைப் பத்தியே எழுதின மாதிரி இருக்கு? 1948 ல பெர்ட்ராம் ஃபோரர்னு ஒரு வாத்தியார் தன் க்ளாஸ்ல 39 பேருக்கு பர்சனாலிட்டி டெஸ்ட் வச்சிட்டு, ஆளுக்கு ஒரு ரிசல்ட் குடுத்து எவ்ளோ பொருந்துதுனு அஞ்சுக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்துச்சு. ஆனா எல்லார் கையிலயும் இருந்தது ஒரே பேப்பர், அதுவும் ஜோசியப் புக்குலேர்ந்து எடுத்த வரிங்க. அதுல ஒண்ணு, சில நேரம் நீங்க கலகலப்பா பழகுவீங்க, சில நேரம் ஒதுங்கி இருப்பீங்கங்கற மாதிரி வரி. இது யாருக்குதான் பொருந்தாது சொல்லுங்க. அதனால உங்களுக்குப் பொருந்தின மாதிரி தோணுறதை மட்டும் வச்சு டெஸ்ட் சரினு சொல்ல முடியாது. உங்க தோழிகிட்ட INFP பக்கத்தையும் வேற ரெண்டு டைப் பக்கத்தையும் தலைப்பை மறைச்சுக் குடுத்து, உங்களோடது எதுனு கண்டுபிடிக்கச் சொல்லிப் பாருங்க.

ஆராய்ச்சி பண்றவங்க பயன்படுத்துறது பிக் ஃபைவ். இதுல டைப்பே கிடையாது, அஞ்சு குணத்துக்கும் அஞ்சு மார்க், அவ்ளோதான். பழகுற தன்மை, புதுசு மேல ஆர்வம், அனுசரிப்பு, பொறுப்பா ஒழுங்கா செய்யறது, அப்புறம் நியூராட்டிசிசம், அதாவது எவ்ளோ சீக்கிரம் கவலை பதட்டம் வருதுங்கறது. 1989 ல மெக்ரே, கோஸ்டா ரெண்டு பேரும் மையர்ஸ் பிரிக்ஸோட நாலு அளவையும் இதோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க, நாலும் மொத நாலு குணத்தோட ஓரளவு ஒத்துப் போச்சு. அஞ்சாவது மட்டும் அதுல இல்லவே இல்ல. எனக்கு இதுதான் ரொம்ப வருத்தம், ஏன்னா என்கிட்ட கவுன்சிலிங் வர்ற பசங்களுக்கு பெரிய பிரச்சனையே அந்தப் பதட்டம்தான், அதை விட்டுட்டு மத்த எல்லாத்தையும் இனிப்பா சொன்னா கேக்க நல்லாத்தான் இருக்கும்.

பிக் ஃபைவ்லயும் குறை உண்டு. வேலை விஷயத்தையே எடுத்துக்குங்க. 1991 ல பாரிக், மவுண்ட் நிறைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததுல, பொறுப்பா செய்யற குணம் எல்லா வகை வேலையிலயும் திறமையோட சம்பந்தப்பட்டு வந்துச்சு, ஆனா முழு சம்பந்தம்னா 1 னு வச்சா, இது சுமார் 0.2 அளவுதான். ஆயிரம் பேரை வச்சுப் பேசலாம், ஒரு பையனை ஷோரூமுக்குப் போகாதேனு சொல்ல அது பத்தாது. பொலிவியால சிமானேங்கற பழங்குடி மக்கள்கிட்ட 2013 ல பார்த்தப்போ அந்த அஞ்சு பிரிவும் சரியா வரவே இல்ல. மொழியும் பிரச்சனை. பிக் ஃபைவ் டெஸ்ட் ஒண்ணுல, பார்ட்டில நிறைய பேர்கிட்ட பேசுவேன்னு ஒரு வரி வரும். எங்க தெருவுல பார்ட்டினா கட்சி, இல்லனா தண்ணி, அப்போ பதில் எதை அளக்குது? கல்யாண வீடுனு மாத்தலாம், ஆனா மாத்தினா திரும்ப நிறைய பேருக்குக் குடுத்து சரிபார்க்கணும்.

தம்பிக்கு நான் பிக் ஃபைவை அளக்குற ஐபிஐபி கேள்வித்தாள்ல 120 கேள்வி இருக்கறதைக் குடுத்தேன், ஃப்ரீயாவே நெட்ல கிடைக்கும், ரிசல்ட் உங்க வயசு ஆளுங்களோட ஒப்பிட்டு வரும். இங்கிலீஷ்லதான் எழுதினான், சந்தேகமான வரியை நான் விளக்கினேன், அப்படி விளக்குறதே மார்க்கை கொஞ்சம் மாத்தும்னும் சொல்லிட்டேன். பழகுற தன்மை சரியா நடுவுல வந்துச்சு. கேரம் கிளப்ல பத்து பேர் நடுவுல கத்துவான், புது ஆள் வந்தா வாயே திறக்க மாட்டான், அதுக்கு நடு மார்க்தான் பொருத்தம். சேல்ஸ் வேணும் வேணாம்னு அந்த மார்க் எதையும் சொல்லல.

உங்க INFP ரிசல்ட்டைத் திரும்பத் திறந்து ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்துல சதவீதம் இருக்கானு பாருங்க. 45 லேர்ந்து 55 குள்ள இருக்கற எழுத்தை அடிச்சிட்டு மிச்சத்தை மட்டும் படிங்க, எத்தனை எழுத்து மிஞ்சுதுனு கீழ கமெண்ட்ல சொல்லுங்க.