முருங்கைக்கீரையில் பாலைவிட 17 மடங்கு கால்சியமா?

"பால் பிடிக்காது. தினம் ஒரு ஸ்பூன் முருங்கைப் பொடி சாப்பிட்டால் கால்சியமும் புரதமும் போதுமா?"

போதாது. ஒரு டீஸ்பூன் பொடி 2, 3 கிராம்தான் இருக்கும். அதில் கிடைப்பது சுமார் 50 மி.கி. கால்சியம், அரை கிராமுக்குச் சற்று கூடுதலாகப் புரதம்.

17 மடங்கு கணக்கு, நீர் வற்றிய 100 கிராம் பொடியை 100 கிராம் பாலோடு ஒப்பிட்டு வந்தது. 100 கிராம் பொடியை யார் தின்பது?

கீரையாகச் சமைப்பதே மேல். காம்பு நீக்கி உருவிய இலையை எடை போட்டுப் பாருங்கள். 50 கிராம் இருந்தால் சுமார் 150 மி.கி. கால்சியம், 3 கிராம் புரதம். கால்சியத்தில் இது ஒரு டம்ளர் பாலில் பாதிக்கு மேல் வரும். கீரைக்கு அது நல்ல அளவுதான். புரதத்துக்குப் பருப்போ முட்டையோ சேர்த்துக் கிளறுங்கள்.

ஆனால் ஒன்று, இலையின் கால்சியத்தில் ஒரு பகுதி, இலையிலேயே உள்ள ஆக்சலேட் என்ற பொருளோடு பிணைந்திருப்பதால் அது உடம்பில் சேராது. ஆக்சலேட் கல்லாகவும் படியலாம் என்பதால், சிறுநீரகக் கல் வந்தவர்கள் தினமும் சாப்பிடுமுன் மருத்துவரைக் கேளுங்கள்.