1 டிகிரி அப்ரோச்சா, 2 டிகிரியா? முதலில் ரிட்டர்னைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் அலுவலகக் கட்டடத்தில் தண்ணீரைக் குளிர்விக்கும் பழைய சில்லர் மெஷினை எடுத்துவிட்டு, ஒரு கம்பெனி பொது நிலையத்திலிருந்து குளிர்ந்த தண்ணீரைக் குழாயில் அனுப்பும் டிஸ்ட்ரிக்ட் கூலிங்குக்கு மாறப்போகிறோம். உச்ச லோடு 2,000 கிலோவாட். அவர்கள் 5 டிகிரியில் தண்ணீர் தருவார்களாம், 13 டிகிரிக்குக் குறையாமல் திருப்பி அனுப்ப வேண்டுமாம், குறைந்தால் அபராதம். ஒரு சப்ளையர் 1 டிகிரி அப்ரோச்சில், அதாவது அவர்கள் தண்ணீருக்கும் எங்கள் தண்ணீருக்கும் இடையே 1 டிகிரி வித்தியாசம் மட்டுமே விடும் பெரிய பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் காட்டுகிறார். இன்னொருவர் 2 டிகிரி போதும், தகடு பாதியாகிவிடும் என்கிறார். காற்றைக் குளிர்விக்கும் எங்கள் ஏஎச்யு எல்லாம் 7/12-க்கு, அதாவது தண்ணீர் 7-இல் நுழைந்து 12-இல் திரும்பும் கணக்கில் வாங்கியவை. எதை வாங்குவது?

பதில்: 1 டிகிரியையே வாங்குங்கள். ஆனால் அது மட்டும் உங்களை அபராதத்திலிருந்து காப்பாற்றாது. கேள்வியின் கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்களே, 7/12 என்று, சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

ஹீட் எக்ஸ்சேஞ்சரில் இரண்டு தண்ணீரும் கலக்காமல், தகடுகளின் இரு பக்கமும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. கம்பெனித் தண்ணீர் (பிரைமரி) 5-இல் நுழையும் முனையில்தான் உங்கள் தண்ணீர் (செகண்டரி) குளிர்ந்து வெளியேறுகிறது. உங்கள் தண்ணீர் சூடாக நுழையும் மறுமுனையில் அவர்கள் தண்ணீர் சூடேறி வெளியே போகிறது. ஆக அப்ரோச் என்பது இரண்டு முனையிலும் இருக்கிறது. குளிர் முனையில் இருப்பது உங்கள் வசதி, சூடு முனையில் இருப்பது உங்கள் பில். பிரைமரி ரிட்டர்ன் ஒருபோதும் உங்கள் கட்டடத்து ரிட்டர்னைத் தாண்ட முடியாது, அதற்கு 1 டிகிரி கீழே வந்தாலே நல்ல மெஷின். கட்டடம் 12-இல் திருப்பினால் கம்பெனிக்குப் போவது 11. எவ்வளவு தகடு அடுக்கினாலும் 13 வராது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2,000 கிலோவாட்டுக்கு பிரைமரி 5-இல் வந்து 13-இல் போனால் வினாடிக்குச் சுமார் 60 லிட்டர் போதும். 11-இல் போனால் சுமார் 80 லிட்டர். அதே குளிர்ச்சிக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் தண்ணீரை அவர்கள் பம்ப் செய்ய வேண்டியிருக்கிறது, அதற்குத்தான் அபராதம். அவர்கள் கேட்பது நியாயம்தான். நியாயமில்லாதது என்னவென்றால், இதை ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் ஒரு வரியில் எழுதிவிட்டு, கட்டடக்காரர் கையெழுத்துப் போடும் முன் ஏஎச்யுவுக்குள் தண்ணீர் சுற்றும் உங்கள் காயில் என்ன, வால்வு என்ன என்று ஒருவர்கூட வந்து பார்க்காமல் இருப்பது. கன்சல்டன்ட்டும் பழைய வேலையிலிருந்து ஸ்பெக்கை நகலெடுத்து ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

சரி, தகட்டுக் கணக்குக்கு வருவோம். நல்ல தகடு ஒரு சதுர மீட்டருக்கு, இரண்டு தண்ணீருக்கும் சராசரி வித்தியாசம் ஒரு டிகிரி இருக்கும்போது, சுமார் 5.5 கிலோவாட் கடத்தும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சப்ளையர் சொல்வது பிரைமரி 5/13, செகண்டரி 14/6. இரண்டு முனையிலும் 1 டிகிரி, அதனால் சுமார் 360 சதுர மீட்டர் தகடு வேண்டும். இரண்டாமவர் சொல்வது பிரைமரி 5/12, செகண்டரி 14/7. இரண்டு முனையிலும் 2 டிகிரி, அதனால் 180. பாதி என்று அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் அவருடைய சொந்த டேட்டா ஷீட்டிலேயே ரிட்டர்ன் 12 என்றுதான் இருக்கிறது. கட்டடம் ஒழுங்காக 14-இல் திருப்பினாலும் முதல் நாளிலிருந்தே 13-க்குக் கீழே. மிச்சம் பிடித்த தகட்டு விலையை ஒப்பந்தம் முடியும்வரை அபராதமாகக் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இந்த இருவரைவிட ஆபத்தானவர் மூன்றாவதாக ஒருவர் வருவார், எல்லா வேலையிலும் வருகிறார். உற்பத்தியாளரும் இல்லை, என்ஜினியரும் இல்லை, நடுவில் நின்று கமிஷன் பார்ப்பவர். "நானும் 1 டிகிரி அப்ரோச்தான் தருகிறேன் சார், விலை மட்டும் கிட்டத்தட்ட பாதி" என்பார். ஷீட்டை வாங்கிப் பாருங்கள். பிரைமரி 5/11, செகண்டரி 14/6 என்று இருக்கும். குளிர் முனையில் 1 டிகிரி, உண்மை. சூடு முனையில் 3 டிகிரி, அதை அவர் வாய் திறந்து சொல்ல மாட்டார். இதற்குப் போடும் மடக்கைச் சராசரியில் வித்தியாசம் 1.8 ஆகிவிடுவதால் 200 சதுர மீட்டரில் காரியம் முடிந்தது. அவருக்கு. உங்களுக்கு 80 லிட்டர் பில். எனவே ஆர்டரில் "அப்ரோச் 1 டிகிரி" என்று மட்டும் எழுதாதீர்கள், நாலு வெப்பநிலையையும் எழுதுங்கள், பிரைமரி ரிட்டர்ன் 13-க்குக் குறையக்கூடாது என்பதைத் தனி வரியாக எழுதுங்கள். ஏஎச்ஆர்ஐ 400 சான்றிதழ் பெற்ற மாடலா என்று கேளுங்கள். அது இருந்தால் சப்ளையரின் கணக்கை வெளியார் ஒருவர் சோதித்திருக்கிறார் என்று அர்த்தம். அப்புறம் தகடுகளுக்குள் ஓடும்போது தண்ணீர் இழக்கும் அழுத்தமான பிரஷர் டிராப்பையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அதைக் கூட்டிவிட்டும் தகட்டைக் குறைக்கலாம், அந்த மிச்சத்தை உங்கள் பம்ப் மின்சாரமாகத் திருப்பிக் கட்டும்.

இதற்கு நேர் எதிர்த் தந்திரமும் உண்டு. "அழுக்குக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும்" என்று பழைய ஷெல் அண்ட் டியூப் காலத்து அழுக்குக் கணக்கைப் போட்டுப் பாதிக்கு மேல் கூடுதல் தகடு விற்பார்கள். தகடு கூடக்கூட ஒவ்வொரு இடுக்கிலும் தண்ணீர் மெதுவாக ஓடும், மெதுவாக ஓடினால் அழுக்கு அதிகம் படியும். காசு கொடுத்து அழுக்கை வாங்குகிறோம். பத்து சதவீதம் கூடுதல் பரப்பு போதும். வேண்டுமானால் பின்னால் தகடு சேர்க்க ஃபிரேமில் இடம் விட்டு வாங்குங்கள். இரண்டு பக்கமும் நல்ல ஸ்ட்ரெய்னர் போடுங்கள். பழைய பைப்பை அலசாமல் புது மெஷினை இணைக்க விடாதீர்கள்.

இப்போது உங்கள் 7/12. இதே காயில்கள் 14-இல் திருப்புமா? பெரும்பாலும் திருப்பும், காரணம் இதுதான். 7/12-இல் காயிலுக்குள் தண்ணீரின் சராசரி 9.5. 6/14-இல் 10. அரை டிகிரிதான் வித்தியாசம். குளிர்ந்த தண்ணீர் உள்ளே போனால் வால்வு கொஞ்சமே திறந்தால் போதும், தண்ணீர் காயிலில் நிதானமாகச் சுற்றிச் சூடேறி வெளியே வருகிறது. அதனால்தான் குளிர் முனையில் 6 கிடைப்பது முக்கியம். 7 கொடுத்தால் வால்வு அகலத் திறந்து ரிட்டர்ன் மறுபடி 12 பக்கம் இறங்கும். எல்லாக் காயிலும் தாங்காது, முழு லோடில் ஓடும் பெரிய ஹால்களின் காயில்களை மட்டும் உற்பத்தியாளரிடம் கொடுத்து 6/14-க்கு மறுகணக்குப் போடச் சொல்லுங்கள். கூடவே காயிலுக்கு வேண்டாத தண்ணீரைச் சுற்றி அனுப்பிவிடும் மூன்றுவழி வால்வுகளை இருவழியாக மாற்றுங்கள், பழைய சில்லருக்காக வைத்த பைபாஸ் பைப்பை அடைத்துவிடுங்கள். இந்த இரண்டின் வழியாகவும் 6 டிகிரித் தண்ணீர் எந்த ஏஎச்யுவையும் பார்க்காமல் நேராகத் திரும்பி வந்து ரிட்டர்னைக் கெடுக்கும். இதை விட்டுவிட்டு ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் கட்டடத்தின் உயரத்தை நீங்கள் எழுதவில்லை. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் கீழே சுமார் 1 பார் அழுத்தம் ஏறும். மிக உயரமான கட்டடத்தில் அந்த எடையைக் கீழ்த்தளத்து மெஷினும் வால்வுகளும் தாங்க வேண்டாம் என்று நடுத் தளத்தில் இன்னொரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்து மேல் பகுதியைப் பிரிப்பார்கள். அங்கே இன்னொரு 1 டிகிரி போகிறது. மேல் தளங்களுக்கு 6 இல்லை, 7-தான் கிடைக்கும். அது ஒருபுறம் இருக்கட்டும், ரிட்டர்னைப் பாருங்கள். மேல் தளங்கள் எப்படியோ 14-இல் திருப்பினாலும் நடுத் தள மெஷினைத் தாண்டி 13 ஆகிறது. கீழ்த் தளங்களின் 14-உடன் அது கலக்கிறது. ஓட்டத்தில் மேல் பகுதி முப்பது சதவீதம் என்றால் கலவை 13.7, கம்பெனிக்குப் போவது 12.7. எல்லாரும் ஸ்பெக்கின்படி 1 டிகிரி அப்ரோச்தான் வாங்கினார்கள், ஆனாலும் அபராதம். மேல் தளக் காயில்களை 7/15-க்குத் தேர்ந்தெடுத்திருந்தால் சரியாக வந்திருக்கும். அதாவது மேலே இருப்பவர்களுக்குப் பெரிய காயில் வேண்டும். புதுக் கட்டடத்தில் செய்துவிடலாம், பழைய கட்டடத்தில் ஏஎச்யு அறையில் இடமே இருக்காது. அப்படிப்பட்ட கட்டடம் என்றால் கையெழுத்துக்கு முன்பே குறைந்தபட்ச ரிட்டர்ன் 12.5 என்று பேசி வாங்குங்கள், பின்னால் யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள்.

ஓட ஆரம்பித்த பின் வரும் வழக்கமான கூத்து செட்பாயிண்ட், அதாவது செகண்டரி தண்ணீர் எத்தனை டிகிரியில் வெளிவர வேண்டும் என்று வைக்கும் எண். யாரோ ஒரு தளத்தில் புழுக்கம் என்று புகார் வரும், ஆப்பரேட்டர் செகண்டரி செட்பாயிண்டை 6-இலிருந்து 5-க்கு இறக்குவார். பிரைமரியே 5-இல் வரும்போது எந்த மெஷினும் 5 தராது. கன்ட்ரோல் வால்வு விடாமல் முயன்று முழுசாகத் திறக்கும், பிரைமரி தண்ணீர் வெள்ளமாய் ஓடும், ரிட்டர்ன் 10, 9 என்று சரியும், கட்டடம் மட்டும் பெரிதாகக் குளிராது. வால்வு நூறு சதவீதம் திறந்திருக்கிறது, ரிட்டர்ன் குறைவு என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முதலில் செட்பாயிண்டைப் பாருங்கள். சில நேரம் கம்பெனியிடமிருந்து வரும் தண்ணீரே 6 ஆகியிருக்கும், அப்போதும் இதே கதைதான். எனவே செட்பாயிண்டை நிலையான எண்ணாக வைக்காமல் "வருகிற பிரைமரி வெப்பநிலை கூட்டல் 1" என்று வைக்கச் சொல்லுங்கள்.

டெஸ்ட் விஷயத்திலும் ஏமாறாதீர்கள். லோடு குறைவான பருவத்தில் கமிஷனிங் செய்து "பாருங்கள், அப்ரோச் சரியாக 1" என்று கையெழுத்து வாங்கிவிடுவார்கள். பாதி ஓட்டத்தில் தகட்டின் வேலை சுலபம். முழு லோடில் 1 தரவேண்டிய மெஷின், அதே வெப்பநிலைகளில், பாதி லோடில் சுமார் 0.8 காட்ட வேண்டும். பாதி லோடிலேயே 1 காட்டினால் முழு லோடில் 1.2 வரும், பிரைமரி ரிட்டர்ன் 12.8-இல் நிற்கும். கடைசித் தவணைப் பணத்தை உச்ச லோடு காலத்து ரீடிங் வரும்வரை பிடித்து வையுங்கள். நாலு வெப்பநிலையையும் ஒரே நேரத்தில், ஒத்துச் சரிபார்த்த சென்சார்களால் எடுக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் அளக்கப்போவதே 1 டிகிரி என்னும்போது அரை டிகிரி தவறு காட்டும் சாதாரண சென்சாரை வைத்து எந்தப் பக்கமும் எதையும் நிரூபிக்க முடியாது.