வீட்டுப் பெரியவர்களுக்கு யு.பி.ஐ. மோசடி வீடியோ: ஸ்கிரிப்ட் எழுதுவது பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. எல்லா மோசடிகளையும் ஒரே வீடியோவில் சொல்லிவிடலாம் என்று எழுதினேன், பத்து நிமிடம் வருகிறது. பரவாயில்லையா?

வேண்டாம். ஒரு வீடியோவுக்கு ஒரு மோசடி போதும், இரண்டு நிமிடத்துக்குள் முடியட்டும். முதல் வீடியோவுக்கு "உங்க கணக்குல தவறிப் பணம் போட்டுட்டேன்" அழைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெரியவர்கள் பேராசையால் ஏமாறுவதில்லை. அடுத்தவர் பணம் நமக்கு எதற்கு என்ற நேர்மையால் ஏமாறுகிறார்கள். "பேராசைப்படாதீர்கள்" என்ற அறிவுரை அவர்களிடம் போய்ச் சேராததற்கு அதுதான் காரணம்.

காட்சி இப்படி. பாட்டியின் போனில் ஒரு எஸ்.எம்.எஸ்.: 20,000 ரூபாய் வரவு. அடுத்த நிமிடமே அழைப்பு. "அம்மா, ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டிய பணம்மா. ஒரு நம்பர் மாறி உங்களுக்கு வந்துடுச்சு. இப்பவே திருப்பி அனுப்பிடுங்க, லைன்லயே இருக்கேன்." அந்தக் கடைசி வார்த்தையில்தான் விஷயம் இருக்கிறது. லைனில் ஆள் இருக்கும்வரை பாட்டிக்கு யோசிக்க நேரமில்லை.

இங்கே பாட்டி சொல்ல வேண்டியதை நீங்களே எழுதிக் கொடுங்கள்: "சரிப்பா, போனை வைக்கிறேன். கணக்கைப் பாத்துட்டுப் பேசறேன்." சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும். வாழ்நாள் முழுவதும் மரியாதையாகப் பேசிப் பழகியவர்களுக்கு, பேசிக்கொண்டிருப்பவரைப் பாதியில் துண்டிப்பது உண்மையிலேயே கஷ்டம். அதற்கொரு வாக்கியம் கையில் இருந்தால் துண்டிக்க முடிகிறது. வீடியோவில் மூன்று முறையாவது அதே வாக்கியம் வர வேண்டும். ஒரு சொல்லைக்கூட மாற்றாதீர்கள்.

பிறகு பாட்டி எஸ்.எம்.எஸ்.ஸை நம்பாமல், ஆப்பைத் திறந்து பேலன்ஸைப் பார்க்கிறார். 20,000 அதில் ஏறவே இல்லை. வரவு எஸ்.எம்.எஸ்.ஸை அவனே எழுதி அனுப்பியிருக்கிறான்.

கேள்வி: நிஜமாகவே பணம் வந்திருந்தால்? திருப்பிக் கொடுக்காவிட்டால் பாவமில்லையா? என் மாமியார் கேட்கிறார்.

நல்ல கேள்வி, அதையும் காட்சியில் சேருங்கள். பாட்டி சொல்லட்டும்: "உங்க பேங்க்ல புகார் கொடுங்க. என் பேங்க்ல நானும் சொல்றேன்." நேராக அவன் சொல்லும் எண்ணுக்கு அனுப்பக் கூடாது. வந்தது வேறு யாரிடமோ திருடிய பணமாக இருந்தால், அதை அடுத்த கணக்குக்குத் தள்ளிவிட்டவர் உங்கள் மாமியார் என்று ஆகும். கணக்கையே முடக்கிவிடுவார்கள்.

கேள்வி: எந்த ஆப் பாதுகாப்பானது?

இந்த மோசடிக்கு எல்லா ஆப்பும் ஒன்றுதான். பின் எண்ணைப் போடுவது மனிதர்.

கேள்வி: "பணம் அனுப்ப மட்டும்தான் பின்" என்பதை விதியாக வைத்தேன். அப்பா உடனே, "பேலன்ஸ் பாக்கவும் பின் கேக்குதே" என்றார். என்ன சொல்வது?

அப்பா சொன்னது சரி. விதியை மாற்றுங்கள்: "பணம் வர்றதுக்குப் பின் வேண்டாம்." இதற்கு விதிவிலக்கே இல்லை. ஸ்கிரிப்டில் பெரியவர்களே ஓட்டை கண்டுபிடிக்கும் விதி இருந்தால், மற்ற விதிகளையும் விட்டுவிடுவார்கள்.

கேள்வி: அது போதாது. சிறு தொகை போட்டுவிட்டு, கூடவே நம்மிடம் பணம் கேட்டு ஆப்பில் ஒரு கோரிக்கையும் அனுப்பி, நாம் பேலன்ஸ் பார்க்கப் பின் போட்டதும் கணக்கையே காலி செய்கிறார்களாம். தமிழ்நாடு சைபர் குற்றப் பிரிவே எச்சரித்ததே? பேலன்ஸே பார்க்காதீர்கள் என்று சொல்ல வேண்டாமா?

எச்சரிக்கை வந்தது உண்மை. அதன் பிறகு 2025 ஜனவரியில், யு.பி.ஐ.யை நடத்தும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் விளக்கமும் கொடுத்தது. ஆப்பைத் திறப்பதாலோ பேலன்ஸ் பார்ப்பதாலோ யாருடைய கோரிக்கையும் தானாக நிறைவேறாது. அந்தக் கோரிக்கையைத் திறந்து, செலுத்தச் சம்மதித்து, பின் போட்டால்தான் பணம் போகும்.

பேலன்ஸ் பார்க்காதே என்றால், பொய் எஸ்.எம்.எஸ்.ஸைக் கண்டுபிடிக்கும் வழியையும் அடைத்துவிடுகிறோம்.

(அதே நண்பர்): அவசரத்தில் பெரியவர்களுக்கு எது கோரிக்கை, எது பேலன்ஸ் என்று தெரியுமா? உங்கள் விளக்கம் உங்களுக்குப் புரியும்.

இந்த ஆட்சேபணையை ஏற்கிறேன். அதனால்தான் பின் கேட்கும் பக்கத்தை நெருக்கத்தில் காட்டச் சொல்கிறேன். பணம் போகப்போகிறது என்றால் அந்தப் பக்கத்தின் மேலே யாருக்கு, எவ்வளவு என்று இருக்கும். பேலன்ஸுக்கான பக்கத்தில் அந்தப் பெயரும் தொகையும் இருக்காது. கண் கீழே எண்களுக்குத்தான் போகும். மேலே போவதற்குப் பழக்க வேண்டும். "பின்னுக்கு முன்னாடி மேல படி." இது இரண்டாவது விதி.

படமெடுக்கும்போது ஒன்று: பல ஆப்களில் இந்தப் பக்கம் ஸ்கிரீன் ரெக்கார்டிங்கில் கறுப்பாகிவிடும். இன்னொரு போனால் எடுங்கள். பேரனுக்கு ஒரு ரூபாய் அனுப்பப்போய், அந்தப் பக்கத்தில் நிறுத்தி, பெயரையும் தொகையையும் விரலால் காட்டுங்கள். உண்மையான பின் வீடியோவில் விழவே கூடாது, அட்டையால் மறையுங்கள்.

(வேறொருவர்): அப்படியானால் பணம் கேட்கும் கோரிக்கையையே நிறுத்திவிடலாமே?

தனிநபர் தனிநபரிடம் யு.பி.ஐ.யில் கோரிக்கை அனுப்பிப் பணம் கேட்கும் வசதியை 2025 அக்டோபர் முதல் அந்தக் கழகமே நிறுத்தச் சொல்லிவிட்டது. வணிகக் கணக்கிலிருந்து வரும் கோரிக்கை உண்டு. பழைய வீடியோக்களை அப்படியே அனுப்பாமல் பார்த்து அனுப்புங்கள்.

(பேலன்ஸ் பற்றிக் கேட்ட நண்பர்): இருந்தாலும் என் வீட்டில் பேலன்ஸ் பார்க்க வங்கிக்குத்தான் போகச் சொல்வேன்.

சொல்லுங்கள், தப்பில்லை. நடக்க முடியாதவர்களுக்கு நான் எழுதுகிறேன்.

கேள்வி: பாட்டி பணத்தை இழந்து அழுவதாகக் காட்டினால்தானே பயம் வரும்?

நான் காட்ட மாட்டேன். பயந்தவர்கள் போனைத் தொடுவதையே விட்டுவிடுகிறார்கள். ஏமாந்தால் பிள்ளைகளிடம் மறைக்கிறார்கள். ஆனால் என்னோடு எழுதும் ஒருவர், இழப்பைக் காட்டாவிட்டால் யாரும் கவனிப்பதில்லை என்று உறுதியாகச் சொல்கிறார். இருவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

கேள்வி: எந்த ஆப்பில் எடுத்துக் காட்டினால் பாதுகாப்பு?

மேலே சொல்லிவிட்டேன். அவர்கள் போனில் இருப்பதில் எடுங்கள்.

கேள்வி: வீடியோ எல்லாம் இருக்கட்டும். சித்தப்பா நேற்றே பின் போட்டு 20,000 அனுப்பிவிட்டார். வங்கி தந்துவிடுமா?

இதைப் படித்து முடிக்கும் முன் 1930-ஐ அழையுங்கள், பிறகு வங்கியை. cybercrime.gov.in-இலும் பதியலாம். பரிவர்த்தனை எண், நேரம், தொகை மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். பணம் அந்தக் கணக்கிலேயே இருந்தால் முடக்க முடியும். அவர்கள் அதை வேகமாகப் பல கணக்குகளுக்குப் பிரித்துவிடுவார்கள். அவரே பின் போட்டிருப்பதால் வங்கி ஈடு தரும் என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். சித்தப்பாவைத் திட்டவும் வேண்டாம், விவரம் எல்லாம் அவரிடம்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: க்யூ.ஆர். ஸ்கேன் செய்தால் பணம் வரும் என்கிறார்களே?

வராது. பணம் வர்றதுக்குப் பின் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம்.

கேள்வி: பாதுகாப்பான ஆப் பெயர் மட்டும் சொல்லுங்களேன்?

மூன்றாவது முறை. பின்னுக்கு முன்னாடி மேல படி.

கேள்வி: வீடியோவுக்கு இசை சேர்க்க எந்த மென்பொருள் நல்லது?

எடிட்டிங் தெரிந்தவர்களிடம் கேளுங்கள். ஆனால் வசனத்துக்கு அடியில் இசை வேண்டாம், காது மந்தமானவர்களுக்கு வார்த்தை கேட்காது.