தலைக்கட்டி மறுபடி மறுபடி வந்ததன் காரணம் தலையில் மட்டும் இல்லை

கேள்வி: தலையில் முடிக்குள் வலியோடு சிறு சிறு கட்டிகள் வருகின்றன. மருந்து சாப்பிட்டால் அடங்குகின்றன, ஒரு மாதத்தில் திரும்பவும் வந்துவிடுகின்றன. தலையைச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன். எதனால் இப்படி? ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாடிக் எடுத்துத்தான் ஆக வேண்டுமா?

பதில்:

"சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன்" என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்களிடமும் யாரோ "தலைக்குக் குளிப்பதில்லையா?" என்று கேட்டிருப்பார்கள். என்னிடம் பதினான்கு மாதம் கேட்டார்கள். தினமும் தலைக்குக் குளித்தவள் நான். எனக்குக் கட்டி வந்ததில் அந்தக் குளியலுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் மருத்துவர் அல்ல. கீழே சொல்வது எனக்கு நடந்ததும், எனக்கு வைத்தியம் பார்த்த தோல் மருத்துவர் விளக்கியதும். உங்களுக்கு வந்திருப்பது வேறாக இருக்கலாம். அதை எப்படிப் பிரித்தறிவது என்பதையும் சொல்கிறேன்.

வீடு மலேசியாவின் பினாங்கில், பட்டர்வொர்த்தில்; வேலை பாலத்துக்கு அப்பால் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். விடியற்காலை குளித்து, ஈரம் காயாத முடியை இறுக்கிக் கொண்டை போட்டு, அதன்மேல் ஹெல்மெட் மாட்டி, மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து போவேன். உள்ளே போனதும் தூசி புகாத அறைக்கான தலைமூடியை அணிந்துகொள்ள வேண்டும். சாப்பாட்டு நேரம் தவிர அதைக் கழற்ற முடியாது. இரவில் அம்மா கை நிறையத் தேங்காய் எண்ணெய் எடுத்து உச்சியில் தேய்த்துவிடுவார். ஆக, என் தலைத் தோல் நன்றாகக் காய்ந்திருந்த நேரம் ஒரு நாளில் ஒரு மணி நேரம்கூட இருந்திருக்காது.

முதல் கட்டி பிடரியில் வந்தது. அரிசி அளவுதான், ஆனால் தலையணையில் படுக்க முடியாத வலி. நடுவில் ஒரு முடி, அதைச் சுற்றி மஞ்சளாகச் சீழ். ஒரு வாரத்தில் ஏழெட்டு ஆயின. அப்போது நான் செய்த தவற்றை நீங்கள் செய்துவிடாதீர்கள். என் கணவருக்குப் பல்வலிக்குக் கொடுத்த அமோக்ஸிசிலின் மாத்திரைகள் மீதம் இருந்தன. அவற்றில் ஆறை விழுங்கினேன். ஒன்றும் அசையவில்லை. காரணத்தைத் தோல் மருத்துவர் சொன்னார். இந்தக் கட்டிகளை உண்டாக்கும் கிருமி பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். அதன் பெரும்பாலான வகைகள் பென்சிலினையும் அமோக்ஸிசிலினையும் உடைத்துவிடும் நொதியைச் சுரக்கின்றன. தொண்டைக்கோ பல்லுக்கோ கேட்ட மருந்து இதற்குக் கேட்காது.

பிறகு வேலையிடத்தின் பட்டியலில் இருந்த கிளினிக்குக்குப் போனேன். தலையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஐந்து நாளுக்குச் செஃபலெக்சின் கொடுத்து அனுப்பினார்கள். அது கேட்டது. நான்காம் நாளே வலி போயிற்று. மூன்று வாரத்தில் மறுபடி வந்தன. அதே மருந்து, அதே நிம்மதி, அதே திரும்புதல். இப்படி நான்கு சுற்று. அவர்கள் கொடுத்த மருந்து தவறு என்று நான் சொல்லவில்லை. கட்டி எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை என்பதே என் வருத்தம்.

கடைசியில் சொந்தப் பணத்தில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். அந்த அம்மையார் முதலில் கேட்ட கேள்வி: "வீட்டில் வேறு யாருக்காவது கட்டி, புண் ஏதாவது உண்டா?" யோசித்துப் பார்த்தேன். கணவருக்குத் தொடையில் அவ்வப்போது கட்டி வரும். மகனுக்கு மூக்கின் கீழே தேன் நிறத்தில் பொருக்கு கட்டிய புண் வந்து ஆறியிருந்தது. மூன்றையும் நான் தனித்தனி விஷயமாகத்தான் நினைத்திருந்தேன். அவர் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்.

புதிதாகப் பழுத்திருந்த ஒரு கட்டியை ஊசி முனையால் திறந்து, வந்த சீழைப் பஞ்சுக் குச்சியில் எடுத்துக் குழாயில் அடைத்தார். இன்னொரு குச்சியை என் இரண்டு மூக்குத் துளைக்குள்ளும் சுழற்றி எடுத்தார். சில நாளில் முடிவு வந்தது. இரண்டு இடத்திலும் அதே ஸ்டஃபைலோகாக்கஸ். பென்சிலின் வேலை செய்யாது, கிளாக்சசிலின் வேலை செய்யும் என்று அறிக்கையில் இருந்தது. ஏறக்குறைய பத்துப் பேரில் மூவர் இந்தக் கிருமியை மூக்கின் முன்பகுதியில் சுமந்துகொண்டிருக்கிறார்களாம். பெரும்பாலோருக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் மூக்கைத் தொட்ட விரல் தலையைச் சொறியும்போது, ஈரத்தில் ஊறி மென்மையான தோலும் இறுகக் கட்டிய கொண்டை இழுத்த மயிர்க்காலும் அதற்குக் கதவைத் திறந்துவிடுகின்றன. மாத்திரை தலையில் இருந்த கட்டியை ஆற்றியது. மூக்கில் இருந்த கிருமி அப்படியே குடியிருந்தது.

எனக்குக் கொடுத்த வைத்தியம் இது. கிளாக்சசிலின் ஏழு நாள், ஒரு நாளுக்கு நான்கு வேளை, வெறும் வயிற்றில். கூடவே மியூபிரோசின் களிம்பை தீக்குச்சித் தலை அளவு எடுத்து, நாளுக்கு இருமுறை, ஐந்து நாள் மூக்கினுள் தடவ வேண்டும். அதே ஐந்து நாளும் குளோர்ஹெக்சிடின் திரவத்தால் உடம்பைக் கழுவ வேண்டும். அதில் இரண்டு நாள் தலைக்கும் போட வேண்டும். கண்ணிலும் காதிலும் அது பட்டுவிடக் கூடாது என்று இரண்டு முறை எச்சரித்தார். கணவருக்கும் மகனுக்கும் அதே வாரத்தில் மூக்குக் களிம்பும் கழுவலும். ஒருவர் மட்டும் செய்தால் மற்றவரிடமிருந்து திரும்பி வந்துவிடும். களிம்பை ஐந்து நாளோடு நிறுத்த வேண்டும். விருப்பம்போல் நீட்டித்தால் கிருமி அதற்கும் பழகிவிடும்.

தலையணை உறை, துண்டு, சீப்பு எல்லாவற்றையும் அந்த வாரம் முழுக்கச் சுடுநீரில் அலசினோம். சீப்பு ஆளுக்கு ஒன்றானது. ஹெல்மெட்டின் உள்பஞ்சைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு வருடமாக அதைத் துவைத்ததே இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உங்களுடையதையும் இன்றே கழற்றிப் பாருங்கள். இப்போது வாரம் ஒருமுறை சோப்பு நீரில் துவைத்து வெயிலில் காய வைக்கிறேன். உள்ளே மெல்லிய பருத்தித் துணி ஒன்றை அணிந்து, அதைத் தினமும் மாற்றுகிறேன்.

ஹெல்மெட் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் தொழிற்சாலையில் கார்களுக்குக் கூரை உண்டு. மோட்டார் சைக்கிள்களுக்கு இல்லை. ஷிப்ட் முடிந்து வெளியே வரும் நேரத்தில் மழை பிடித்தால் நூற்றுக்கணக்கான ஹெல்மெட்டுகள் கண்ணாடியில் தொங்கியபடி தண்ணீர் நிரம்பி நிற்கும். அதைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு ஈரத்தோடு தலையில் மாட்டிக்கொண்டு பாலத்தில் போகிறோம். மூன்று வருடமாகக் கூரை கேட்கிறோம். மேலாளர்கள் காரில் வருகிறார்கள், அவர்களுக்கு இது புரியவில்லை. உள்ளே தூசி ஒரு துகள்கூடப் படக்கூடாது என்று எங்கள் தலையை மூடச் சொல்கிறவர்கள், அந்தத் தலைக்கு வெளியே ஒரு தகரக் கூரை போடவில்லை. இப்போது நான் ஹெல்மெட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு உள்ளே பெட்டகத்தில் வைக்கிறேன்.

எண்ணெய்க்கு வருகிறேன். இதைச் சொன்னால் "நம் பாட்டி காலம் முதல் வைக்கிறோம், எண்ணெய்யால் கட்டி வருமா?" என்று சண்டைக்கு வருவார்கள். என் அம்மாவே வந்தார். பாட்டி எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு அலசி, முடியை விரித்து வெயிலில் காய வைத்தார். நான் இரவு வைத்த எண்ணெய்யோடு ஈரக் கொண்டையை மூடி வைத்தேன். மயிர்க்காலின் வாய் எண்ணெய்யாலும் வியர்வையாலும் அடைபட்டால் கிருமிக்கு வசதி. இப்போது குளிக்கும் ஒரு மணி நேரத்துக்கு முன் முடியின் நீளத்தில் மட்டும் வைக்கிறேன், உச்சித் தோலில் இல்லை. குளியலை இரவுக்கு மாற்றிவிட்டேன். முடி காய்ந்த பிறகே படுக்கிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒவ்வொரு தடவையும் தேவையில்லை. இரண்டு மூன்று சிறு கட்டிகள், காய்ச்சல் இல்லை என்றால், சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பத்து நிமிடம் ஒற்றடம் கொடுங்கள். நாளுக்கு மூன்று முறை போதும். பிதுக்க வேண்டாம், நகம் பட வேண்டாம். ஒரு வாரம் பத்து நாளில் அடங்கிவிடும். வைத்தியம் முடிந்த பிறகு எனக்கு மூன்று தடவை ஒன்றிரண்டு எட்டிப் பார்த்தன. மூன்றும் ஒற்றடத்திலேயே போயின. கட்டிகள் பரவினாலோ, ஒன்று கோலி அளவுக்கு வீங்கித் துடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, காதின் பின்னோ கழுத்திலோ நெறி கட்டினாலோ மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் காத்திருக்கவே கூடாது. கட்டி திரும்பத் திரும்ப வருகிறவர்கள் இரத்தத்தில் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கும் பார்த்தார்கள், சரியாக இருந்தது. சீழ் நிறைந்த பெரிய கட்டிக்கு மாத்திரை மட்டும் போதாது, மருத்துவர் கீறி வடிக்க வேண்டும்.

இனி, உங்களுடையது வேறு வகையாக இருக்கக்கூடிய இரண்டு நிலைகள். வலியைவிட அரிப்பு அதிகம், எல்லாம் ஒரே அளவில் பொடிப்பொடியாக நெற்றி ஓரத்திலும் முதுகிலும் சேர்ந்து வருகின்றன, ஆன்டிபயாடிக் எடுத்தால் கூடுகின்றன என்றால் அது மலாசீசியா என்ற பூஞ்சையாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் அதை வளர்க்கவே செய்யும். கீட்டோகொனசோல் ஷாம்பு போன்ற பூஞ்சை மருந்துதான் அதற்கு வழி. இரண்டாவது, கட்டி ஆறிய இடத்தில் முடி முளைக்காமல் தோல் பளபளப்பாக வழுவழுத்துப் போவது, அல்லது ஒரே துளையிலிருந்து பொம்மையின் தலைமுடி போல ஐந்தாறு முடிகள் கொத்தாக எழுவது. அது தழும்பாக்கும் வகை. போன முடி திரும்பாது. அதற்கு ஒரு வாரச் சாதாரண மருந்து போதாது, பல வாரம் மருந்து எடுக்க நேரும். வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் தோல் மருத்துவரிடம் போங்கள்.

அடுத்த கட்டி வந்தால் எந்த மாத்திரையையும் தொடும் முன் போங்கள். மருந்து உள்ளே போய்விட்டால் சோதனையில் சீழிலிருந்து கிருமி வளராமல் போகலாம், அறிக்கை வெறுமையாக வரலாம். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் "சீழ் எடுத்துச் சோதிக்க முடியுமா, மூக்கிலும் எடுங்கள்" என்று நீங்களே கேளுங்கள். நான் அதைக் கேட்கத் தெரியாமல்தான் நான்கு சுற்று மருந்து விழுங்கினேன்.