ஆஃபர் லெட்டரில் 25,000, கையில் எவ்வளவு?

[படம் மட்டும்: மணலி கம்பெனியின் ஆஃபர் லெட்டர். "சி.டி.சி. ஆண்டுக்கு ரூ. 3,00,000. பேசிக் மாதம் ரூ. 12,500. இரண்டு வருட பாண்ட், ரூ. 1,00,000."]

கேள்வி எழுதவில்லை என்றாலும், சம்பளமும் பாண்டும்தான் உங்களை உறுத்துகின்றன என்று நினைக்கிறேன்.

சி.டி.சி. என்பது உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு, அதனால் மாதம் 25,000 கைக்கு வராது. கம்பெனி கட்டும் பி.எஃப். பேசிக்கில் 12 சதவீதம், அதாவது 1,500. கிராஜுவிட்டிக்கு சுமார் 600. இரண்டையும் சி.டி.சி.யிலேயே சேர்ப்பதுதான் வழக்கம். மீதி 22,900. அதில் உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 1,500 போனால் 21,400. அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரியும் கொஞ்சம் பிடிப்பார்கள். இன்சென்டிவ் என்று ஏதாவது உள்ளே ஒளிந்திருந்தால் இன்னும் குறையும். அதனால் மாதவாரி பிரிவுப் பட்டியலை மெயிலில் கேளுங்கள். வாயால் சொன்னது போதாது.

பாண்ட் விஷயம். பாதியில் விலகினால் முழு லட்சமும் தானாகக் கட்ட வேண்டியதாகிவிடாது. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி அது உச்சவரம்புதான். நியாயமான இழப்பீட்டைத்தான் கோர்ட் தரச் சொல்லும். பயிற்சிக்கு உண்மையில் என்ன செலவு என்று கேட்டுப் பாருங்கள், பதிலிலேயே பாதி தெரிந்துவிடும். அப்புறம், ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை மட்டும் கொடுக்காதீர்கள். என் தம்பி கொடுத்துவிட்டு எட்டு மாதம் அலைந்தான்.

படத்தில் இரண்டாம் பக்கம் இல்லை. நோட்டீஸ் பீரியட் அங்கேதான் இருக்கும், அதையும் போடுங்கள்.