மண்வாசனை அத்தரும் தாத்தா வீட்டு முற்றமும்

கேள்வி: ஆன்லைனில் ஒரு மண்வாசனை அத்தர் கண்ணில் பட்டது. "கோடையின் முதல் மழை. தாத்தா வீட்டு முற்றம். ஓட்டு நுனியில் சொட்டும் தண்ணீர். உங்களுக்கு மறுபடியும் பத்து வயது" என்று எழுதியிருந்தார்கள். கீழே "சந்தன எண்ணெயில் வடித்தது" என்றும் இருந்தது. 10 மில்லி 280 ரூபாய் கொடுத்து வாங்கினேன். திறந்தால் மழையையே காணோம், ஏதோ தித்திப்பான சென்ட் வாசம். ஏமாந்துவிட்டேனா? மூக்கில் வைத்துப் பார்க்காமல் இதையெல்லாம் எப்படி வாங்குவது?

பதில்: ஏமாந்திருக்கிறீர்கள். ஆனால் ஏமாற்றியது முற்றம் இல்லை, கீழே இருந்த அந்த ஒரு வரி.

அசல் மண் அத்தர் உத்தரப்பிரதேசத்துக் கன்னோஜில் வடிக்கப்படுகிறது. களிமண்ணைத் தட்டிச் சூளையில் சுட்டு, அந்த ஓடுகளைச் செப்பு அண்டாவில் தண்ணீரோடு போட்டு, மூடியைச் சுற்றி மண் பூசி அடைத்து, அடியில் நெருப்பு மூட்டுவார்கள். ஆவி ஒரு மூங்கில் குழாய் வழியாக இறங்கி, தண்ணீர்த் தொட்டிக்குள் அமர்ந்திருக்கும் இன்னொரு பாத்திரத்தில் குளிரும். அந்தப் பாத்திரத்தில் முதலிலேயே சந்தன எண்ணெய் இருக்கும். அதுதான் மண்ணின் வாசத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. புது மண்ணைப் போட்டுப் போட்டு இதையே பல நாள் செய்வார்கள்.

ஆக, அந்தக் குப்பிக்குள் இருப்பது சுட்ட மண்ணும் சந்தனமும். மழைக்காற்று, நனைந்த வேப்பிலை, மாட்டுக்கொட்டகை எதுவும் அதில் கிடையாது. விளம்பரம் எழுதுகிறவர் "முதல் மழை" என்றதும் அவற்றையெல்லாம் நாமே சேர்த்துக்கொள்கிறோம். என்னைக் கேட்டால் இந்த அத்தருக்குச் சரியான காட்சி மழையே அல்ல. கோடை தொடங்கும்போது புதுப்பானை வாங்கிவந்து முதல் செம்புத் தண்ணீரை ஊற்றுவோமே, "உஸ்" என்று உறிஞ்சுமே, அப்போது பானையின் வாய்க்குள் முகத்தை விட்டால் வருகிற வாசம். அதோடு கொஞ்சம் சந்தனம். இப்படி எழுதினால் விற்பனை குறையலாம், ஆனால் வாங்கியவர் உங்களைப் போல் முழிக்க மாட்டார்.

ஒரு காட்சி உபயோகமானதா என்று பார்க்க, அதில் வாசமுள்ள பொருள் எது என்று தேடுங்கள். உங்கள் விளம்பரத்தில் தாத்தாவுக்கு வாசம் இல்லை (வெற்றிலை, மூக்குப்பொடி என்று சொல்லியிருந்தால் வேறு கதை). பத்து வயதுக்கும் இல்லை. ஓட்டில் சொட்டும் தண்ணீர் கண்ணுக்கும் காதுக்கும்தான். நாலு வாக்கியத்தில் மூக்குக்கு மிஞ்சுவது "முதல் மழை" ஒன்றே, அதுவும் ஊருக்கு ஊர் வேறு. கரிசல் காட்டு மழையும் தேரிக்காட்டு மழையும் ஒரே வாசமா என்ன?

இனி அந்தக் கீழ்வரிக்கு வருவோம். நல்ல இந்தியச் சந்தன எண்ணெய் கிலோ ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறைவாகக் கிடைக்காது. மிகக் குறைத்து ஒரு லட்சம் என்றே வைத்தாலும் கிராம் 100 ரூபாய். 10 மில்லி ஏறக்குறைய 10 கிராம், அப்படியென்றால் எண்ணெய்க்கு மட்டும் ஆயிரம் ரூபாய் ஆகிறது. விறகு, கூலி, குப்பி, தபால் எல்லாம் அதற்கு மேல். 280 ரூபாய்க்கு அது வர வழியே இல்லை. மலிவு அத்தர்களில் பெரும்பாலும் திரவ பாரஃபின் போன்ற வாசமற்ற எண்ணெயில் செயற்கை வாசனை கலந்திருக்கும்.

செயற்கை என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை. நனைந்த மண்ணுக்கு அந்த வாசத்தைத் தருவதில் முக்கியமானது ஜியோஸ்மின், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. அதைத் தனியாகவும் வாங்கிக் கலக்கிறார்கள். பீட்ரூட்டின் மண் வாடையும் அதுதான். கை கொஞ்சம் தாராளமாகிவிட்டால் மழை போய், பூட்டிக் கிடந்த ஸ்டோர் ரூம் வாடை வந்துவிடும். உங்கள் குப்பியில் அந்த வாடைகூட இல்லாமல் தித்திப்பு மட்டும் அடிக்கிறது என்றால், பெயருக்குக்கூட மண் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த முறை 1 அல்லது 2 மில்லி சாம்பிள் கேளுங்கள். "பேஸ் என்ன எண்ணெய்?" என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மறுபடியும் முற்றத்துக்கே போனால் விட்டுவிடுங்கள். சாம்பிள் வந்ததும் மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்து, உடனே முடிவு செய்யாமல் மூன்று மணி நேரம் கழித்து முகருங்கள். சந்தனம் அப்போதும் மெல்லிசாக நிற்கும்.

இந்த 280 ரூபாய்க்கு என்ன செய்யலாம்? காட்சி வர்ணனை மேல் புகார் செல்லாது, அது யார் மூக்குக்கும் கட்டுப்படாத விஷயம். "சந்தன எண்ணெயில் வடித்தது" என்பது அப்படியல்ல. பொருளைப் பற்றிச் சொன்ன தகவல் அது, பொய்யென்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தவறான விளம்பரம். அந்தப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், நாளைக்கு வரி மாறியிருக்கலாம். பில்லோடு விற்றவருக்கு எழுதுங்கள். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். குப்பியைக் காலி செய்துவிடாதீர்கள்.